பாதித் தூரத்தில் 2:03 என்றால், மீதிப் பாதியை எந்த வேகத்தில் ஓட வேண்டும்?

நான்கு மணி நேரத்தில் மாரத்தானை முடிக்கும் திட்டத்தோடு கிளம்புகிறீர்கள். பாதித் தூரத்தை 2:00:00க்குக் கடந்திருக்க வேண்டும், ஆனால் வாட்ச் 2:03:00 காட்டுகிறது. இனி ஒவ்வொரு கிலோமீட்டரையும் எத்தனை நிமிடத்தில் ஓட வேண்டும்? அந்த எண் கைக்கு வந்ததும், அதை நம்பி ஓடலாமா, இலக்கை மாற்றிக்கொள்ள வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. முதல் கேள்விக்கு ஒரு வகுத்தல் கணக்கு போதும். புதிதாக ஓடுகிறவர்கள் தடுமாறுவது இரண்டாவதில்தான், அதனால் அதைப் பற்றியே அதிகம் எழுதியிருக்கிறேன்.

முதலில், சரியான நேரத்தை எடுங்கள்

பாதித் தூரத்தில் பெரிய கடிகாரம் வைத்திருந்தால், பெரும்பாலும் அது ஓட்டம் தொடங்கிய நொடியிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும். கூட்டத்தில் பின்னால் நின்ற நீங்கள் தொடக்கக் கோட்டைத் தாண்டவே இரண்டு மூன்று நிமிடம் ஆகியிருக்கலாம். என் இரண்டாவது மாரத்தானில் அந்தக் கடிகாரத்தில் 2:02 என்று பார்த்துவிட்டு, இரண்டு நிமிடம் பின்தங்கிவிட்டதாக நினைத்து அடுத்த நான்கு கிலோமீட்டரை வேகமாக ஓடினேன். உண்மையில் நான் சரியாகத் திட்டப்படிதான் வந்திருந்தேன். தேவையில்லாமல் செலவழித்த அந்தத் தெம்பு கடைசி பத்து கிலோமீட்டரில் இல்லாமல் போனது. கோட்டைத் தாண்டும்போது உங்கள் வாட்ச்சை அழுத்திவிடுங்கள். கணக்குக்கு அந்த நேரம் மட்டும் போதும்.

கணக்கு

மாரத்தான் 42.195 கி.மீ. அதில் பாதி 21.0975. ஓடிக்கொண்டே கணக்குப் போட 21.1 என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு கிலோமீட்டரை ஓட எடுக்கும் நேரத்தைத்தான் பேஸ் என்கிறோம்.

```
தேவையான பேஸ் = (இலக்கு நேரம் − பாதித் தூர நேரம்) ÷ 21.1
```

நம் உதாரணத்தில் 4:00:00லிருந்து 2:03:00ஐக் கழித்தால் மீதி 1:57:00, அதாவது 7020 வினாடி. அதை 21.1ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 333 வினாடி, அதாவது கிலோமீட்டருக்கு 5:33. நான்கு மணி நேரத் திட்டத்தின் பேஸ் 5:41. ஆக, திட்டத்தைவிட கிலோமீட்டருக்கு 8 வினாடி வேகமாக ஓட வேண்டும்.

ஓடும்போது 7020ஐ 21.1ஆல் வகுக்க யாராலும் முடியாது. அதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. ஒரு நிமிடத்தை 21 கிலோமீட்டருக்குப் பிரித்தால் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 3 வினாடி வரும். அதனால் எத்தனை நிமிடம் பின்தங்கினீர்களோ அதை மூன்றால் பெருக்கி, திட்ட பேஸிலிருந்து கழித்துவிடுங்கள். மூன்று நிமிடத்துக்கு 9 வினாடி, 5:41லிருந்து 5:32. சரியான விடைக்கு ஒரு வினாடிதான் வித்தியாசம், அதுவும் உங்களுக்குச் சாதகமான பக்கம். முன்னால் வந்திருந்தால் இதே எண்ணைக் கூட்டிக்கொள்ளலாம்.

அந்த எண்ணை எதனோடு ஒப்பிடுவது?

8 வினாடி என்று கேட்டதும் சின்ன விஷயம்போலத் தோன்றும். ஆனால் நீங்கள் இதுவரை ஓடியது 5:41இல் இல்லை. 2:03:00 என்றால் முதல் பாதியின் சராசரி 5:50. அங்கிருந்து 5:33க்கு வர 17 வினாடி குறைக்க வேண்டும். விட்ட 8 வினாடியை ஈடுகட்ட இன்னொரு 8 வினாடி சேர்வதால் வித்தியாசம் இரட்டிப்பாகிறது.

சராசரியும் முழுக் கதையைச் சொல்லாது. அதனால் தேவையான பேஸை நீங்கள் கடைசியாக ஓடிய ஐந்து கிலோமீட்டரின் பேஸோடு ஒப்பிடுங்கள் என்பேன். இரண்டு பேர் இதே 2:03:00க்கு வந்ததாக வைத்துக்கொள்வோம். நான்கு மணி நேரத் திட்டத்தில் ஒவ்வொரு ஐந்து கிலோமீட்டரும் 28:26 ஆக வேண்டும்.

முதலாமவர் ஐந்தைந்து கிலோமீட்டராக எடுத்துக்கொண்ட நேரம் 30:50, 28:45, 28:30, 28:40. விட்ட மூன்று நிமிடத்தில் பெரும்பகுதி தொடக்கக் கூட்டத்தில் நடந்தே போனதால் வந்தது. அதன்பின் அவர் திட்டத்தை ஒட்டியே ஓடியிருக்கிறார். கடைசி ஐந்து கிலோமீட்டரின் பேஸ் 5:44, தேவை 5:33. 11 வினாடி வித்தியாசம். கஷ்டம்தான், ஆனால் கூட்டத்தில் மெதுவாகப் போனபோது உடம்பில் செலவு குறைவாகத்தான் இருந்திருக்கும். முயன்று பார்க்கலாம்.

இரண்டாமவரின் நேரம் 28:15, 28:40, 29:10, 30:15. ஒவ்வொரு ஐந்து கிலோமீட்டரும் முந்தையதைவிட மெதுவாகிக்கொண்டே போகிறது. கடைசிப் பேஸ் 6:03. அவரிடம் 5:33 கேட்பது 30 வினாடி குறைக்கச் சொல்வதாகும். இவருடைய வேகம் கூட்டத்தால் குறையவில்லை, களைப்பால் குறைகிறது. வேகம் இறங்கும்போதே இதயத் துடிப்பு அப்படியே நின்றாலோ ஏறினாலோ, அது பெரும்பாலும் களைப்பு அல்லது வெயில் என்று கொள்ளலாம். இவர் இலக்கை 4:10க்கு மாற்றிக்கொண்டால் மீதி 2:07:00, தேவையான பேஸ் 6:01. இப்போது ஓடுவதை ஏறக்குறைய அப்படியே தக்கவைத்தால் போதும்.

என் அனுபவத்தில், வித்தியாசம் 5 வினாடிக்குள் இருந்தால் யோசிக்காமல் தொடரலாம். 10, 12 வினாடி என்றால், மூச்சு சீராக இருந்து ஒரு முழு வாக்கியத்தைத் திக்காமல் பேச முடிகிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். 15ஐத் தாண்டினால் இலக்கை அங்கேயே மாற்றிவிடுவது நல்லது. 32ஆவது கிலோமீட்டரில் வேறு வழியில்லாமல் மாற்றும்போது அதற்குக் கொடுக்கும் விலை பெரியது.

விட்ட நேரத்தை எப்படிப் பிரிப்பது

மூன்று நிமிடத்தையும் அடுத்த ஐந்து கிலோமீட்டரிலேயே பிடித்துவிட்டு, பிறகு நிம்மதியாக ஓடலாம் என்று மனம் சொல்லும். அதற்குக் கிலோமீட்டருக்கு 36 வினாடி குறைத்து 5:05இல் ஓட வேண்டும். வேகம் கூடக் கூட உடம்பு கொழுப்பைவிட, கிளைகோஜன் என்ற சேமித்த சர்க்கரையையே அதிகம் எரிக்கும். தசையிலும் கல்லீரலிலும் இருக்கும் அந்த இருப்பு அளவானது. 30 கிலோமீட்டருக்குப் பிறகு பலருக்குக் கால் ஒரேயடியாகக் கனத்துப்போவதற்கு அது தீர்ந்துபோவது ஒரு முக்கியக் காரணம். எனவே விட்டதை 21 கிலோமீட்டருக்கும் சமமாகப் பரப்புங்கள்.

முதலாமவர் 5:33இல் ஓடினால் 25 கி.மீ. பலகையை 2:24:38க்கும், 30ஐ 2:52:22க்கும், 35ஐ 3:20:06க்கும், 40ஐ 3:47:49க்கும் கடக்க வேண்டும். இவற்றில் இரண்டையாவது நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

இங்கே பலர் ஏமாறும் ஒரு இடம் உண்டு. பாதித் தூரம் 21.1இல் வருகிறது, அடுத்த பலகை 22இல். நடுவில் இருப்பது 0.9 கி.மீ.தான். அதை 5:00க்குக் கடந்தாலே நீங்கள் 5:33 பேஸில் இருக்கிறீர்கள். 5:00 என்று பார்த்ததும் மிக வேகமாக ஓடிவிட்டோம் என்று பயந்து வேகத்தைக் குறைத்துவிடாதீர்கள்.

இன்னொன்று வாட்ச்சின் ஜிபிஎஸ். ஓட்டப் பாதையை, ஒருவர் ஓடக்கூடிய மிகக் குறுகிய கோட்டில் அளப்பார்கள். நாமோ வளைவுகளில் அகலமாகத் திரும்பி, ஆட்களைச் சுற்றி ஓடுகிறோம். அதனால் பாதித் தூரத்தில் வாட்ச் 21.35 என்று காட்டக்கூடும். அப்படி என்றால் 7020ஐ 21.35ஆல் வகுங்கள். 5:29 வரும். பலகைகளுக்கு இடையே 5:33 ஆக வேண்டுமென்றால், வாட்ச்சில் 5:29 தெரிய வேண்டும் என்று அர்த்தம். இரண்டும் ஒரே வேகம்தான். வாட்ச்சில் 5:33ஐப் பார்த்து நிம்மதியாக ஓடினால், கடைசியில் ஒன்றரை நிமிடம் போலத் தாமதமாக வந்து சேர்வீர்கள்.

முன்னால் வந்துவிட்டால்

அதே நான்கு மணி நேரத் திட்டத்தில் பாதியை 1:56:00க்குக் கடந்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மீதி 2:04:00, கணக்குப்படி 5:53இல் ஓடினாலே போதும். நான்கு நிமிடம் சேமிப்பில் இருப்பதாகத் தோன்றும். ஆனால் அந்த நான்கு நிமிடம் கிளைகோஜனைக் கொடுத்து வாங்கியது. மீதிப் பாதியில் உங்கள் வேகம் 6:30க்கு இறங்கினால் அது சீக்கிரமே கரைந்துவிடும்.

கென்ய ஓட்டக்காரர் எலியுட் கிப்சோகே 2022 பெர்லின் மாரத்தானில் பாதியை 59:51க்குக் கடந்தார். அப்போதைய உலக சாதனை 2018இல் அதே பெர்லினில் அவரே ஓடிய 2:01:39. நம் கணக்கைப் போட்டால், அந்த நேரத்தைத் தொட அவருக்கு மீதிப் பாதியில் 61:48 இருந்தது. அவர் எடுத்துக்கொண்டது 61:18, முடித்தது 2:01:09. அவருக்கே இரண்டாம் பாதி முதல் பாதியைவிட 87 வினாடி கூடியது. 2018இல் அவருடைய பாதிகள் 61:06, 60:33. அன்று இரண்டாம் பாதிதான் வேகமாக இருந்தது.

எனவே முன்னால் வந்தவருக்கு நான் சொல்வது, 5:53க்கு இறங்கவும் வேண்டாம், 5:30இலேயே தொடரவும் வேண்டாம். உடனே திட்ட பேஸான 5:41க்கு வந்து 30 கி.மீ. வரை அதிலேயே ஓடுங்கள். அந்தப் பலகையை 2:46:38 அளவில் கடப்பீர்கள். அங்கே மறுபடி கணக்குப் போடுங்கள். நான்கு மணி நேர இலக்குக்கு மீதி 1:13:22, மீதித் தூரம் 12.195 கி.மீ., வகுத்தால் 6:01. கால் நன்றாக இருந்தால் 5:41இலேயே தொடர்ந்து 3:56 அளவில் முடிக்கலாம். கனக்கத் தொடங்கினால் கிலோமீட்டருக்கு 20 வினாடி வரை விட்டுக்கொடுக்க இடம் இருக்கிறது. ஆனால் 6:30க்கு விழுந்துவிட்டால் முடிவு 4:05:54 ஆகிவிடும். அதனால் கனம் தெரிந்ததும் 5:50, 5:55 என்று கொஞ்சம் கொஞ்சமாக இறங்குங்கள்.

பின்தங்கி வந்தவரும் 30இல் இதே மாதிரி மறுபடி கணக்குப் போட வேண்டும். வகுக்கும் எண் மட்டும் 21.1க்குப் பதில் 12.2. அங்கே ஒரு நிமிட வித்தியாசம் கிலோமீட்டருக்கு 3 வினாடி இல்லை, 5 வினாடி. 35இல் பார்த்தால் மீதி 7.2 கி.மீ., ஒரு நிமிடத்துக்கு 8 வினாடிக்கு மேல் ஆகிவிடும்.