கொப்பியும் பிளேன்டீயும்: இரண்டு பிரிவுகளைச் சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலை உப்புவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில் ஹவுஸ்கீப்பிங்கையும் மெயின்டனன்ஸையும் ஒரே பிரிவாக்கியபோது நான் அங்கே சுப்பர்வைசர். அறை துப்புரவு செய்பவர்களுக்கு எல்லாமே கொப்பிதான், டியூட்டி மாறும்போது எந்த அறையில் என்ன பாக்கி என்று எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். திருத்த வேலைப் பெடியன்கள் ஒரு வரி எழுத மாட்டார்கள். ஆனால் நடந்து போகிறபோதே ஏசியின் சத்தம் மாறியிருந்தால் நின்று, அப்போதே திறந்து பார்ப்பார்கள்.

முதல் தவறு, ஒரு பக்கத்தின் முறையை எல்லாருக்கும் சட்டமாக்கியது. எந்த வேலைக்கும் ஜொப் கார்ட் வேண்டும் என்று முகாமையாளர் சொல்லிவிட்டார். ஏசித் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைபட்டால் ஊதிவிடப் பத்து நிமிடம் போதும், முன்பெல்லாம் சொட்டத் தொடங்கும்போதே முடித்துவிடுவார்கள். இப்போது கார்ட் வரட்டும் என்று காத்திருந்ததில் சீலிங் ஊறிப்போய், இரவில் ஒரு குடும்பத்தையே வேறு அறைக்கு மாற்ற வேண்டி வந்தது. பிறகு இப்படிப் பிரித்தோம்: 15 நிமிடத்துக்குள் முடியும், புதுச் சாமான் தேவையில்லை என்றால் முதலில் செய்வது, அப்புறம் ஒரு வரி எழுதுவது. சாமான் வேண்டும் அல்லது அறையை மூட வேண்டும் என்றால் எழுதிவிட்டுத்தான் கை வைப்பது.

இரண்டாவது தவறு எங்கள் கண்ணுக்கே தெரியவில்லை. காலை 7 மணிக்கு ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் பெடியன்கள் பிளேன்டீ குடிப்பார்கள். அதை வீண்பொழுது என்று நினைத்து, அந்த நேரத்தில் பொதுக் கூட்டம் வைத்தோம். உண்மையில் இரவு டியூட்டிக்காரர் எந்தப் பம்ப் அதிக நேரம் ஓடியது, உப்புக் காற்றில் எந்த அவுட்டோர் யூனிட் அரித்துப்போகிறது என்று சொல்லுகிற இடம் அதுதான். கூட்டத்தில் முப்பது பேர் முன்னால் யாரும் அதைச் சொல்லவில்லை. ஒரே அறையின் ஒரே கோளாறை இரண்டு நாளில் இரண்டு பேர் தனித்தனியாகக் கழற்றிப் பார்த்தபோதுதான் விளங்கியது. தேநீரைத் திருப்பிக் கொடுத்தோம், ஹவுஸ்கீப்பிங்கில் மூத்த அக்கா ஒருவரைக் கொப்பியோடு அங்கே உட்கார வைத்தோம். அவர்கள் பேசினார்கள், அக்கா எழுதினார். ஒரு மாதத்தில் "அக்கா, பதினாலாம் நம்பரையும் போடுங்கோ" என்று அவர்களே கேட்கத் தொடங்கினார்கள்.

ஆகவே சேர்ப்பதற்கு முன் இரண்டு பக்கமும் ஒரு வாரம் சும்மா கூட நின்று பாருங்கள். ஒவ்வொரு பழக்கத்தையும் பற்றி, இது இல்லாவிட்டால் நாளைக்கு எது பிழையாகும் என்று அதைச் செய்கிறவரிடமே கேளுங்கள். மேசையில் இருந்து பார்த்தால் கொப்பி தெரியும், தேநீர் தெரியாது.

நாங்கள் இதையெல்லாம் ஜூலையில், சீசன் நடுவில், அறைகள் நிறைந்திருக்கும்போது செய்தோம். அதுவும் பிழைதான். மாரி மழை தொடங்கி ஆட்கள் குறைந்த பிறகு ஒரு புளொக்கில் மட்டும் ஆரம்பித்து, மே மாதம் கூட்டம் வரும்போது 15 நிமிட விதி தாங்குகிறதா என்று பார்த்துவிட்டு மற்ற புளொக்குகளுக்குப் போயிருக்க வேண்டும்.