இடது காதில் மட்டும் சத்தம் அமுங்கியபோது

என் இயர்பட்ஸில் இடது பக்கம் மட்டும் தலையணைக்கு அடியிலிருந்து பேசுவதுபோல் கேட்டது. பேச்சு புரிந்தது; ‘ஸ’, ‘ஷ’ போன்ற கூர்மையான ஒலிகள்தாம் மழுங்கியிருந்தன. கைப்பேசியில் இடது வலது ஒலியளவு சமமாகவே இருந்தது. புளூடூத் இணைப்பை நீக்கி மறுபடி இணைத்தும் பயனில்லை. பிரிக்பீல்ட்ஸ் கடையொன்றில் ஸ்பீக்கர் போய்விட்டது என்று சொல்லிப் புதியதைக் காட்டினார்கள்.

பிறகு இடது பட்ஸை வலது காதில் வைத்துப் பார்த்தேன். அங்கும் அதே மந்தம். ஆக, கோளாறு என் காதில் இல்லை. ரப்பர் முனையைக் கழற்றினேன். நேராகப் பார்த்தால், ஒலி வரும் வாயை மூடியிருக்கும் சிறு வலை சுத்தம். டார்ச் ஒளியைச் சாய்வாக அடித்தபோதுதான் பாதித் துளைகள் மினுங்கின. காதழுக்கு உருகி, கண்ணாடிபோல் மெல்லிய படலமாக மூடியிருந்தது. கோலாலம்பூர் வெக்கைக்கு அது இளகாமல் என்ன செய்யும்!

வலை தரையைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டேன். இதுதான் முக்கியம், ஈரமும் அழுக்கும் உள்ளே இறங்காது. மருந்தகத்தில் வாங்கிய 70% ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு, பிழிந்து, வலையை லேசாக ஒற்றினேன். படலம் இளகியதும் குழந்தைகளுக்கான மென்மையான, உலர்ந்த பல்துலக்கியால் தட்டித் தட்டித் துலக்கி, டிஷ்யூவில் ஒற்றி எடுத்தேன். ஆல்கஹால் சொட்டினால் வலையின் பசை விட்டுப்போகலாம். ஊசியோ அழுக்கை உள்ளே தள்ளும், வலையையும் கிழிக்கும். ரப்பர் முனையைச் சோப்புநீரில் தனியாகக் கழுவினேன்.

இரவு முழுக்க உலரவிட்டு மாட்டினேன். இரு பக்கமும் சமமாகக் கேட்கிறது. துளைகள் எல்லாம் திறந்தும் மந்தம் மாறாவிட்டால், கடைக்காரர் சொன்னது சரியாக இருக்கலாம்.