எமர்ஜென்சி ஃபண்டுக்கு நான் போட்ட தப்புக் கணக்கு

போன மாச செலவு 24,000, வேலை போனா ஆறு மாசம் தாங்கணும்னு அதை ஆறால பெருக்கி 1,44,000 போதும்னு இருந்தேன். அப்புறம் 12 மாசம் எழுதி வச்ச நோட்டை எடுத்து ஹோட்டல், துணி, எஸ்ஐபி எல்லாம் அடிச்சுட்டு அத்தியாவசியத்தை மட்டும் கூட்டினா 3,72,000 வருது! வருஷத்துக்கு ஸ்கூல் பீஸ் 48,000, இன்சூரன்ஸ் பிரீமியம் 24,000, ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வர்ற கரண்ட் பில் வருஷத்துக்கு மொத்தமா 12,000, இதெல்லாம் போன மாசத்துல இல்லவே இல்ல. சராசரி 31,000, ஆறு மாசத்துக்கு 1,86,000.

அதுவும் பத்தல. ஏன்னா ரெண்டு டேர்ம் பீஸும் ஜூன், அக்டோபர்ல வருது, மே டு அக்டோபர் தனியா கூட்டினா 1,98,000. வேலை எந்த மாசம் போகும்னு யாருக்குத் தெரியும், அதனால அடுத்தடுத்த ஆறு மாசமா கூட்டிப் பாத்து பெரிய தொகையவே டார்கெட்டா வச்சுட்டேன், ரவுண்டா 2 லட்சம்.