காசோலையில் என் பெயர் இல்லை

முதல் சம்பளம் வந்ததும் மாதம் 1,000 ரூபாய் மியூச்சுவல் ஃபண்டில் போடலாம் என்று கணக்கு தொடங்க விண்ணப்பித்தேன். பான், ஆதார் எல்லாம் சரி. வங்கிச் சான்றாக, குறுக்கே கோடு போட்டு ‘கேன்சல்டு’ என்று எழுதிய காசோலையைப் படமெடுத்து ஏற்றினேன். இரண்டு நாளில் நிராகரித்துவிட்டார்கள்.

காரணம் எளிது. வங்கிக் கணக்கு தொடங்கிய அன்றே கையில் கொடுத்த காசோலைப் புத்தகம் அது. அதில் கணக்கு எண் இருக்கும், பெயர் அச்சாகியிருக்காது. பெயர் இல்லாவிட்டால் அந்தக் கணக்கு என்னுடையதுதான் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? பெயர், கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி. மூன்றும் தெளிவாகத் தெரியும் பாஸ்புக் முதல் பக்கத்தை அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள்.

அப்புறம் நாமினி. தம்பி பெயரைப் போட்டேன். அவனுக்கு 15 வயதுதான் என்பதால் பிறந்த தேதியும் காப்பாளர் விவரமும் கேட்டது. அம்மாவைக் காப்பாளராகக் காட்டலாம்தான். ஆனால் யோசித்துப் பார்த்து அம்மாவையே 100 சதவீத நாமினியாக மாற்றினேன். எனக்கு ஏதாவது ஆனால் நிறுவனம் பணத்தை நாமினியிடம்தான் ஒப்படைக்கும். ஆனால் அதனாலேயே அவர் அதன் முழு உரிமையாளர் ஆகிவிடமாட்டார், சட்டப்படியான வாரிசுகளுக்கும் உரிமை உண்டு. எங்கள் வீட்டில் அந்தப் பொறுப்பை அம்மாவிடம் கொடுப்பதே எனக்குச் சரியாகப் பட்டது. தம்பிக்கு 18 ஆனதும் நாமினியை மாற்றிக்கொள்ளலாம்.