வண்ணாரப்பேட்டையிலிருந்து 900 கிலோமீட்டர்

தண்டையார்பேட்டையில் என் வீட்டு மொட்டைமாடியில் மாலையில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்குப் புவியியல் சொல்லித் தருகிறேன். போன வாரம் ஒரு கணக்குக் கொடுத்தேன். 1:50,000 அளவையுள்ள நிலவரைபடத்தில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரையிலான மெட்ரோ பாதை 18 செ.மீ. நீளம் இருந்தால், தரையில் அது எவ்வளவு தூரம்? ஒரு பையன் சற்றும் தயங்காமல் 900 கி.மீ. என்று எழுதியிருந்தான். அவ்வளவு தூரம் தெற்கே போனால் கன்னியாகுமரியும் கடந்து கடலுக்குள் இறங்கிவிடும்.

அவன் பெருக்கலில் தவறவில்லை. 18 × 50,000 = 9,00,000. அதுவரை சரி. பிறகு அதை 1,000 ஆல் வகுத்திருக்கிறான். "மீட்டரைக் கிலோமீட்டராக்க ஆயிரத்தால்தானே வகுக்க வேண்டும், ஐயா?" என்று கேட்டான். விதி சரிதான், ஆனால் அவன் கையில் இருந்தது மீட்டர் அல்ல, சென்டிமீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு 1,00,000 செ.மீ. அதனால் ஐந்து சுழியங்கள் போக வேண்டும். 9,00,000 செ.மீ. என்பது 9 கி.மீ. 2021-இல் ஓடத் தொடங்கிய அந்தப் பாதையின் நீளமும் ஏறத்தாழ அதுதான்.

இந்தத் தவறின் வேர் பிரதி பின்னத்தை, அதாவது அளவையை விகிதமாக எழுதும் எண்ணை, படிக்கும் விதத்தில் இருக்கிறது. 1:50,000 என்பதில் அலகே கிடையாது. படத்தில் ஒரு பங்கு, தரையில் அதே பங்குபோல் ஐம்பதாயிரம், அவ்வளவுதான். இடப்பக்கம் செ.மீ. வைத்தால் வலப்பக்கமும் செ.மீ. அங்குலம் வைத்தால் அங்குலம். பழைய ஆங்கிலேயர் காலப் படங்களில் 1:63,360 என்றொரு விசித்திரமான எண்ணைப் பார்க்கலாம். ஒரு மைலுக்கு 63,360 அங்குலம் என்பதால் வந்த எண் அது. சொல்லளவையில் அது "ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல்" என்று எளிமையாகிவிடும். பிள்ளைகளோ வலப்பக்க எண்ணைக் கண்டதும் தரைத் தூரம்தானே என்று மீட்டரையோ கிலோமீட்டரையோ தாங்களாகவே ஒட்டிவிடுகிறார்கள்.

அதனால் நான் ஒரு பழக்கத்தை வலியுறுத்துகிறேன். கணக்கைத் தொடுவதற்கு முன் அளவையைச் சொல்லாக மாற்றி எழுத வேண்டும். 1:50,000 என்றால் 1 செ.மீ. = 50,000 செ.மீ. = 500 மீ. = அரை கிலோமீட்டர். இந்திய நில அளவைத் துறையின் இடவிளக்கப்படங்களில் பெரும்பாலும் காணும் அளவை இது. பிறகு 18 செ.மீ.க்கு 18 அரைகள், ஒன்பது. இப்படி எழுதியவர்கள் யாரும் 900-இல் போய் நிற்பதில்லை.

திருப்பிக் கேட்டால் வேறொரு குழப்பம் வரும். தரையில் 4 கி.மீ., அளவை 1:25,000, படத்தில் எவ்வளவு? சிலர் 4-ஐ நேராக 25,000 ஆல் வகுத்துவிட்டு, வந்த தசமத்தைப் பார்த்து விழிக்கிறார்கள். முதலில் 4 கி.மீ.யை 4,00,000 செ.மீ. ஆக்கி, அதன்பின் வகுத்தால் 16 செ.மீ.

ஆனால் என்னையே ஏமாற்றியது வேறு. ஒருமுறை பெரிய தாளில் இருந்த 1:50,000 படத்தைப் பிள்ளைகளுக்காக நகல் எடுக்கக் கொடுத்தேன். கடையில் ஏ3-ஐ ஏ4-க்குள் சுருக்கிக் கொடுத்துவிட்டார்கள். ஓரத்தில் அச்சிட்டிருந்த 1:50,000 மட்டும் மாறாமல் அப்படியே இருந்தது. பிள்ளைகள் நூல் வைத்து அதே மெட்ரோ பாதையை அளந்தார்கள். 12.7 செ.மீ. பாதியாக்கினால் 6.35 கி.மீ. அலகிலும் பிழையில்லை, பெருக்கலிலும் பிழையில்லை, விடை மட்டும் தப்பு. ஏ3 ஏ4 ஆகும்போது நீளம் சுமார் 71 விழுக்காடாகக் குறைகிறது. எண்ணில் எழுதிய விகிதம் அதனுடன் சேர்ந்து சுருங்காது.

கோட்டளவை சுருங்கும். படத்தின் அடியில் 2 கி.மீ.க்கு வரைந்திருந்த 4 செ.மீ. கோடு, நகலில் 2.8 செ.மீ. ஆகியிருந்தது. 12.7-ஐ 2.8 ஆல் வகுத்து 2 ஆல் பெருக்கினால் மறுபடியும் ஏறத்தாழ 9 கி.மீ. கிடைத்துவிட்டது. நகல் என்று தெரிந்தால் விகிதத்தைத் தொடாதீர்கள், கோட்டை அளந்து பாருங்கள். 4 செ.மீ. இருக்க வேண்டிய கோடு 4 இல்லையென்றால் படம் சுருங்கியோ பெருத்தோ இருக்கிறது என்று பொருள்.

ஒரு பெண்ணின் நகலில் அந்தக் கோடே வெட்டுப்பட்டிருந்தது. அவள் மெட்ரோ பாதை 9 கி.மீ. என்று நினைவில் வைத்திருந்தாள். 9,00,000-ஐ 12.7 ஆல் வகுத்து, தன் தாளின் மூலையில் 1:50,000-ஐ அடித்துவிட்டு, பென்சிலால் சுமார் 1:71,000 என்று எழுதிக்கொண்டாள்.