வராமல் போன டிராப்

எங்கள் சிஸ்கோ ஸ்விட்ச் ஒன்றில் இரண்டு பவர் சப்ளை. ஒன்று செத்தும் அலர்ட் வரவில்லை. ஒரு வாரம் கழித்து, ரேக்கில் எரிந்த சிவப்பு விளக்கைப் பார்த்துத்தான் தெரிந்தது.

அந்த நேரத்து லாகைப் பார்த்தேன். பவர் சப்ளை செத்த அதே மின்தடையில் அப்லிங்க்கும் சில நொடி விழுந்திருந்தது. ஸ்விட்ச் தானாக அனுப்பும் அலர்ட்டான எஸ்என்எம்பி டிராப் யுடிபியில் ஒரே தடவை போகும், வந்து சேர்ந்ததா என்று ஸ்விட்ச் கேட்காது. நாமே அவ்வப்போது ஸ்விட்சைக் கேட்கும் போலிங் இருந்தது, ஆனால் போர்ட் நிலைக்கு மட்டும்.

இப்போது நிமிடத்துக்கு ஒருமுறை பவர் சப்ளை நிலையையும் கேட்கிறேன்:

```
snmpwalk -v2c -c <community> <switch> 1.3.6.1.4.1.9.9.13.1.5.1.3
```

1 வந்தால் சரி, 6 என்றால் வேலை செய்யவில்லை. டிராப்பையும் நிறுத்தவில்லை. பத்து நொடி விழுந்து எழும் போர்ட் போலிங்கில் சிக்காமல் போகலாம். போர்ட் நிலை கடைசியாக மாறிய நேரத்தைச் சொல்லும் `ifLastChange` மாறியிருந்தால் மட்டும் தடயம் கிடைக்கும்.