புரொபேஷனிலிருந்து வெளியே வர எத்தனை ஜிபிஏ வேண்டும்?

அமெரிக்கக் கல்லூரியில் மொத்த ஜிபிஏ 2.0-க்குக் கீழே போய் புரொபேஷனில் இருக்கிறீர்களா? 2.0-க்கு எவ்வளவு குறைகிறதோ அதை, எஃப் வாங்கியதையும் சேர்த்து, இதுவரை கிரேடு வந்த கிரெடிட்டால் பெருக்குங்கள். வருவதை அடுத்த செமஸ்டர் கிரெடிட்டால் வகுத்து 2.0-உடன் கூட்டினால், அந்த செமஸ்டரில் எடுக்கவேண்டிய சராசரி கிடைத்துவிடும்.

30 கிரெடிட்டில் 1.8 என்றால் பாக்கி 6 புள்ளி. 15 கிரெடிட் எடுத்தால் 2.4 வேண்டும், 12 மட்டும் எடுத்தால் 2.5. சுமை குறையட்டும் என்று பாடத்தைக் குறைத்தால் அதே பாக்கியைக் குறைந்த கிரெடிட் சுமக்கிறது, அதனால்தான் இலக்கு ஏறுகிறது. சராசரி சரியாக 2.0 வந்தால் பாக்கி அப்படியே நிற்கும்.

தேர்ச்சி/தோல்வி முறையில் எடுக்கும் பாடத்தைப் பொதுவாக இந்த வகுத்தலில் சேர்க்கக்கூடாது. தோற்ற பாடத்தைத் திரும்ப எடுத்தால் பழைய கிரேடை நீக்கும் கல்லூரி என்றால் கணக்கே வேறு: 3 கிரெடிட் எஃப், சி ஆனாலே அந்த 6 புள்ளியும் அடைந்துவிடும். விடை 4.0-ஐத் தாண்டினால் ஒரே செமஸ்டரில் நடக்காது. அட்வைசரிடம் இரண்டு செமஸ்டர் திட்டமாகப் பேசுங்கள். நிதியுதவிக்கான விதிகள் தனி, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.